கோபத்தோடு வரும் அழைப்புக்கு ஸ்கிரிப்டை மாற்றி எழுத

பாளையங்கோட்டையில் ஒரு வங்கிக்கான கால் சென்டரில் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். முதலில் பழைய ஸ்கிரிப்டில் தொடக்கூடாத வரிகளுக்குச் சிவப்புக் கோடு போடுங்கள்: அழைப்பு பதிவாகிறது என்ற அறிவிப்பு, அடையாளச் சரிபார்ப்பு, புகார் எண், கால வரம்பு. மற்ற வரிகளை மட்டும் பேச்சுத் தமிழுக்கு மாற்றலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர், "ஏடிஎம்-ல 5,000 ரூவா வரல, கணக்குல மட்டும் கழிஞ்சிட்டு" என்கிறார். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்றால் கோபம் ஏறத்தான் செய்யும். இப்படி மாற்றினோம்: "5,000 ரூபாய் கையில வரல, கணக்குல கழிஞ்சிருக்குன்னு சொல்றீங்க. சிரமம்தான் அண்ணாச்சி. புகாரை இப்பவே பதியணும், அதுக்கு ரெண்டு கேள்வி கேட்டுக்கிடுதேன்."

கவனியுங்கள், அவர் சொன்ன தொகையைத்தான் திருப்பிச் சொல்கிறோம். சரிபார்ப்பு முடியும்வரை திரையில் தெரியும் எதையும் சொல்லக்கூடாது. சரிபார்ப்பதற்காக பின் நம்பரையோ ஓடிபியையோ கேட்கவே கூடாது.

அப்புறம் கால வரம்பு. ஆறுதலுக்காக "நாளைக்கே வந்துரும்" என்று சொல்லிவிடுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, பணம் வராத ஏடிஎம் பரிவர்த்தனைக்கு அந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எனவே, "பணம் வெளிய வரலன்னு உறுதியானா, எடுத்த நாள்லேர்ந்து 5 நாளுக்குள்ள கணக்குல வந்துரணும். தாமதமானா நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரணும்" என்று எழுதினோம். அந்த "உறுதியானா" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.