ஃபேன் கிளட்ச் சூட்டில் பிடிக்கிறதா: சோதிக்கும்போது நேரும் தவறுகள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் பழைய லாரி ஒன்று, கிருமாம்பாக்கம் தாண்டும் வரை எந்தத் தொல்லையும் தராமல் ஓடி, அரியாங்குப்பம் பாலத்து நெரிசலிலும் மரப்பாலம் சிக்னலிலும் நின்றால் மட்டும் சூடேறிக்கொண்டிருந்தது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கும். நிற்கும் வண்டிக்கு ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே உண்டு. ஆகவே ஃபேன் மீது சந்தேகம் எழுந்தது சரிதான். ஆனால் காலையில் கையால் சுற்றிப் பார்த்து, "லேசாகச் சுற்றுகிறது, கிளட்ச் போய்விட்டது" என்று வேறொரு பட்டறையில் முடிவு சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் தவறு அதுதான். இன்ஜின் சுற்றும் கப்பியோடு ஃபேனை இணைக்கும் விஸ்கஸ் கிளட்ச், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வழுக்குவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் முகப்பில் இருக்கும் பைமெட்டல் சுருள், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து உள்ளே ஒரு சிறு வழியைத் திறக்கிறது. சேமிப்பறையில் இருக்கும் கெட்டியான சிலிக்கோன் ஆயில், அந்த வழியாகப் பள்ளமும் மேடுமாக வெட்டப்பட்ட இரு தகடுகளுக்கு இடையே பாய்ந்து, ஃபேனைக் கப்பியோடு சேர்த்து இழுக்கிறது. ஆகவே குளிரில் கையால் சுற்றிப் பார்ப்பது, சூட்டில் அது பிடிக்குமா என்பதைச் சொல்லாது. சூடான இன்ஜினை நிறுத்தியவுடன் சுற்றும்போது குளிரில் இருந்ததைவிடத் தெளிவான இறுக்கம் தெரிய வேண்டும். அப்போதும் தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால்தான் ஐயப்படலாம். சுருளைச் சுற்றிப் பிசுபிசுப்பான எண்ணெய்க் கோடுகள் இருப்பதும், இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் பேரிங் அளவுக்கு மீறி ஆடுவதும் கிளட்ச் கெட்டதற்கான நேரடிச் சான்றுகள்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஃபேன் இரைவதைக் கேட்டு, "நன்றாகப் பிடிக்கிறது" என்று எண்ணுவது இதற்கு நேர் எதிரான தவறு. இரவு முழுவதும் வண்டி நின்றதில் ஆயில் தகடுகளுக்கிடையே வடிந்திருக்கும். ஓரிரு நிமிடம் ஓடினால் அது சேமிப்பறைக்குத் திரும்பி இரைச்சல் அடங்கிவிடும்.

ஓடும் ஃபேனைச் சுருட்டிய செய்தித்தாளால் நிறுத்திப் பார்ப்பதை இன்னும் சிலர் செய்கிறார்கள். வெடிப்பு விழுந்த பிளாஸ்டிக் இறக்கை உடைந்து தெறித்தால் முகத்தில்தான் பாயும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

முறையான சோதனைக்கு இரண்டு கருவிகள் போதும்: கம்பி முனை கொண்ட ஒரு வெப்பமானி, ஒளி பட்டு அளக்கும் ஒரு டேக்கோமீட்டர். பளபளப்பு நாடாவை ஒரே ஓர் இறக்கையில் மட்டும் ஒட்ட வேண்டும்; இரண்டில் ஒட்டினால் வேகம் இருமடங்காகத் தெரியும். கப்பியிலும் ஒரு துண்டு ஒட்டி, அதன் வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும், ஏனெனில் ஃபேன் வேகத்தைக் கப்பியோடுதான் ஒப்பிட வேண்டும், இன்ஜினோடு அல்ல. வெப்பமானியின் முனை ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே, சுருளுக்கு நேர் முன்னால், இறக்கையில் படாதபடி கட்டப்பட வேண்டும். டேஷ்போர்டு ஊசி காட்டுவது கூலன்ட்டின் சூடு. சுருளோ காற்றின் சூட்டைத்தான் அறியும். இந்த வேறுபாட்டை மறப்பதே மிகப் பெரிய தவறு. தோளில் போட்ட துண்டையும் தொங்கும் உடையையும் கழற்றி வைத்துவிட்டு, ரேடியேட்டரின் முன்புறத்தை அட்டையால் மறைத்து, சீரான வேகத்தில் இன்ஜினை ஓட விடுங்கள். கூலன்ட் ஊசி சிவப்பை நெருங்கினால் அட்டையை உடனே எடுத்துவிடுங்கள்.

அந்த லாரியில் முதலில் அட்டை இல்லாமல் பார்த்தோம். கூலன்ட் 98 டிகிரிக்கு வந்தபோதும் சுருளின் முன்னே காற்று 54 டிகிரிதான். கப்பி 2000 சுற்றில் இருக்க, ஃபேன் 620. பிறகு அட்டையை வைத்தோம். காற்று 74 டிகிரியைத் தொட்டபோது இரைச்சல் திடீரென மாறி, ஃபேன் 1700-க்கு ஏறியது. கப்பி வேகத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு. அட்டையை எடுத்தபின் காற்றின் சூடு இறங்க, ஃபேனும் மெல்லத் தளர்ந்தது. கிளட்ச் நன்றாகவே இருந்தது; சூடான காற்றுதான் அதை எட்டவில்லை.

ரேடியேட்டருக்கு முன்னே இருக்கும் இன்டர்கூலரைத் தளர்த்தி முன்னே சாய்த்ததும் காரணம் தெரிந்தது. அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், சுருளுக்கு நேர் எதிரே, நெற்பதரும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கைப்பிடி அளவு தட்டையாக அப்பியிருந்தது. காற்று ஓரங்கள் வழியாகவே வந்திருக்கிறது. வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதெல்லாம் இன்டர்கூலரோடு நின்றுவிட்டது. ரேடியேட்டரின் பின்புறத்திலிருந்து முன்னோக்கி மெதுவாக ஊதி, மெல்லிய தகடுகள் மடங்காமல் சுத்தம் செய்தபின், அட்டை இல்லாமலே நின்ற இடத்தில் ஃபேன் பிடித்தது. உரிமையாளர் ஏற்கெனவே வாங்கி வந்திருந்த புதிய கிளட்ச் பெட்டியிலேயே திரும்பிப் போனது. அதையும் வண்டியில் பொருத்தியிருக்கும் நிலையைப் போலவே நிமிர்த்தி எடுத்துச் செல்லச் சொன்னேன்; பல நாள் படுக்க வைத்தால் ஆயில் கசியக்கூடும்.