நேர்கோட்டுக்கு வெளியே விழுந்த இரும்பு

கிணற்று நீரில் இரும்பை ஃபினாந்த்ரோலின் முறையில் 510 நானோமீட்டரில் அளந்தேன். லிட்டருக்கு 0, 1, 2, 3, 4 மில்லிகிராம் தரக்கரைசல்கள், 1 செ.மீ. குவெட். உறிஞ்சல் A-க்கும் லிட்டருக்கு மில்லிகிராமில் செறிவு c-க்கும் இடையே கிடைத்த கோடு:

```
A = 0.198c + 0.004
```

பியர்-லாம்பர்ட் விதியில் வரும் ε × l, அதாவது உறிஞ்சல் குணகம் × ஒளி கடக்கும் நீளம்தான் இங்கே அந்த 0.198 சாய்வு. மாதிரியின் உறிஞ்சல் 1.62. கணக்குப் போட்டால் 8.2 மி.கி. அதை அப்படியே எழுதியது தவறு. கோடு சோதிக்கப்பட்டது 4 மி.கி. வரைதான், அதாவது 0.8 உறிஞ்சல் வரை. 1.62-இல் கரைசலைத் தாண்டி வருவது விழுந்த ஒளியில் சுமார் 2.4 சதவீதம் மட்டுமே. கருவிக்குள் சிதறி வரும் ஒரு சதவீத ஒளிகூட அதோடு சேர்ந்தால், உறிஞ்சல் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும்.

சரிசெய்ய, 10 மி.லி. நீரை 50 மி.லி. ஆக்கி, அதன் பிறகே நிறமூட்டும் கரைசல்களைச் சேர்த்தேன். இந்த வரிசை முக்கியம். நிறம் வந்த கரைசலை நீர்த்தால், இரும்பு முழுவதும் வினைபுரியப் போதுமான ஃபினாந்த்ரோலின் இருந்ததா என்ற சந்தேகம் அப்படியே நிற்கும்.

இப்போது உறிஞ்சல் 0.380.

```
c = (0.380 − 0.004) / 0.198 = 1.90
1.90 × 5 = 9.5
```

முதலில் வெட்டுத்துண்டு 0.004-ஐக் கழித்து, சாய்வால் வகுத்து, கடைசியில்தான் 5-ஆல் பெருக்க வேண்டும். பத்து மடங்கு நீர்த்தபோது 0.192 வந்தது, அதுவும் 9.5 மி.கி.தான். இரண்டு நீர்த்தலும் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணை நான் எழுதுவதில்லை.