R ≥ 2r நிறுவலில் வழுக்கும் இடங்கள்

ஒரு முக்கோணியின் சுற்றுவட்ட ஆரை R, உள்வட்ட ஆரை r எனில், R எப்போதும் 2r இலும் குறையாது. ஒயிலரின் பெயரால் அழைக்கப்படும் இச்சமனிலி அவருடைய 1765ஆம் ஆண்டுக் கட்டுரையோடு இணைத்துப் பேசப்பட்டாலும், அதன் அடிப்படையான தொடர்பை வில்லியம் சாப்பிள் 1746இலேயே வெளியிட்டிருந்தார். திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு மாலை வகுப்பு எடுக்கும் நான் இதன் நிறுவலைப் பலமுறை எழுதச் சொல்லியிருக்கிறேன். கூற்றைத் தவறாக எழுதுபவர்கள் அரிது. நிறுவலில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள்.

முதல் வழுக்கல் படத்திலேயே நிகழ்கிறது. முக்கோணி வரையச் சொன்னால் கை தானாகவே சமபக்க முக்கோணியைப் போன்ற ஒன்றை வரைந்துவிடுகிறது. அதில் இரு வட்டங்களின் மையங்களும் ஒன்றாகவே தெரிவதால், "இடையங்கள் ஒன்றையொன்று 2:1 எனப் பிரிக்கின்றன, ஆகவே R = 2r" என்று எழுதிவிட்டு, மற்ற முக்கோணிகளில் R இன்னும் பெரிதாக இருக்கும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். 3, 4, 5 பக்கங்களைக் கொண்ட முக்கோணியில் R = 2.5, r = 1 என்பது அவர்களுக்குத் தெரியும்; ஆனால் ஓர் எடுத்துக்காட்டில் கூற்று உண்மையாவது நிறுவல் ஆகாது. இடையங்கள் சந்திக்கும் புள்ளியோ பொதுவாகச் சுற்றுவட்ட மையமும் அல்ல, உள்வட்ட மையமும் அல்ல.

நான் வகுப்பில் விரும்பிச் செய்யும் நிறுவல் நடுப்புள்ளிகளைக் கொண்டது. BC, CA, AB ஆகிய பக்கங்களின் நடுப்புள்ளிகள் முறையே D, E, F எனக் கொள்வோம். முக்கோணி DEF இன் ஒவ்வொரு பக்கமும் ABC இன் ஒத்த பக்கத்தின் பாதி என்பதால் இரண்டும் இயல்பொத்தவை. எனவே D, E, F ஊடாகச் செல்லும் வட்டத்தின் ஆரை R/2 ஆகும். இனிக் காட்ட வேண்டியது R/2 ≥ r என்பது மட்டுமே. பெரும்பாலான விடைத்தாள்கள் இந்த இடத்தில், "இவ்வட்டம் மூன்று பக்கங்களையும் சந்திக்கிறது, மூன்று பக்கங்களையும் சந்திக்கும் வட்டங்களுள் மிகச் சிறியது உள்வட்டம், ஆகவே நிறுவப்பட்டது" என்று முடிந்துவிடுகின்றன. கூற்று உண்மைதான், ஆனால் நிறுவ வேண்டிய சங்கதி முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதைக் காரணமின்றி எழுதுபவருக்கு என்னால் புள்ளி போட முடிவதில்லை.

இடைவெளியைப் பரப்பளவைக் கொண்டு நிரப்பலாம். அவ்வட்டத்தின் மையம் P, ஆரை ρ எனவும், P இலிருந்து BC, CA, AB ஆகிய கோடுகளுக்குள்ள செங்குத்துத் தூரங்கள் x, y, z எனவும் கொள்வோம். வட்டம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு புள்ளியையேனும் கொண்டிருப்பதால் x, y, z ஆகிய மூன்றும் ρ ஐ விஞ்சமாட்டா. PBC, PCA, PAB ஆகிய மூன்று முக்கோணிகளும் சேர்ந்து ABC ஐ மூடுகின்றன. ஆகவே ABC இன் பரப்பளவை Δ என்றும் அரைச்சுற்றளவை s என்றும் எழுதினால்,

Δ ≤ (ax + by + cz)/2 ≤ ρ(a + b + c)/2 = ρs

Δ = rs என்பதால் r ≤ ρ. இங்கு ρ = R/2 என இட, R ≥ 2r கிடைக்கிறது.

இதில் முதல் குறி ≤ ஆக இருப்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர்கள் அதைச் சமன் குறியாக எழுதுகிறார்கள். P முக்கோணிக்குள்ளேயே இருக்கும் என்ற நினைப்பே அதற்குக் காரணம். ஒரு மாலை 13 cm, 13 cm, 24 cm பக்கங்களைக் கொண்ட முக்கோணியை அட்டையில் வரையச் சொன்னேன். உச்சியின் உயரம் 5 cm மட்டுமே. நடுப்புள்ளிகள் மூன்றின் ஊடாகவும் வட்டம் வரைய முயன்ற ஒரு மாணவி, கவராயத்தின் ஊசியை முக்கோணிக்குள் எங்கே குத்துவது என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "சேர், இது உள்ளுக்கு இல்லையே" என்றாள். உண்மையில் மையம் அடியிலிருந்து 8.45 cm உயரத்தில், உச்சிக்கும் மேலே 3.45 cm தள்ளி இருந்தது.

அதே முக்கோணியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். Δ = 60, s = 25, எனவே r = 2.4; R = 16.9, ρ = 8.45. இங்கு x = 8.45, y, z ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.18. ax/2 = 101.4 எனவும், by/2, cz/2 ஆகியவை சேர்ந்து 41.4 எனவும் வருகின்றன. கூட்டினால் 142.8, பரப்பளவோ 60. சமன் குறி போட்டவர் இந்த முக்கோணியில் பிடிபட்டுவிடுவார். 101.4 இலிருந்து 41.4 ஐக் கழித்தால்தான் சரியாக 60 வருகிறது, ஏனெனில் அந்த இரு சிறு முக்கோணிகளும் ABC க்கு வெளியே கிடக்கின்றன.

அப்படியானால் மூடுகின்றன என்ற சொல் எப்படிச் சரியாகும் என்று கேட்பது நியாயமே. ABC க்குள் Q என்ற ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்து, P இலிருந்து Q ஊடாகக் கோடிட்டு அப்பால் நீட்டினால் அது எங்காவது ஒரு பக்கத்தில், X என்ற புள்ளியில், முக்கோணியை விட்டு வெளியேறும். X ஆனது BC இல் இருந்தால் PX முழுவதும் PBC க்குள் அடங்கும். Q அதன் மேல் உள்ளது. மற்றப் பக்கங்களுக்கும் இதே வாதம் பொருந்தும். P எங்கே இருக்கிறது என்ற கேள்வியே இதில் எழவில்லை என்பதால்தான் இந்த நிறுவல் எனக்குப் பிடிக்கும்.

சமத்துவம் நிகழும் இடத்தில் இன்னொரு கவனக்குறைவு உண்டு. R = 2r எனில் மேலுள்ள இரு ≤ குறிகளும் சமன் குறிகளாக வேண்டும். இரண்டாவது சமனாவதற்கு x = y = z = ρ என்பது அவசியம்; அதாவது P ஐ மையமாகக் கொண்ட வட்டம் மூன்று பக்கங்களையும் தொடுகிறது. தொடுபுள்ளிகள் வேறெங்கும் இருக்க முடியாது, அவை D, E, F தாம். A இலிருந்து வரையப்படும் தொடலிகள் சமனாதலால் AE = AF, அதாவது b/2 = c/2. இத்துடன் நிறுத்திவிட்டு "ஆகவே இருசமபக்க முக்கோணியில் சமத்துவம்" என்று முடித்த தாள்களையும் பார்த்திருக்கிறேன். 5, 5, 8 பக்கங்களில் R = 25/6, 2r = 8/3; அவை சமனல்ல. B இலிருந்தும் தொடலிகளை எடுத்து a = c எனக் காட்டிய பின்னரே சமபக்கம் என்று எழுத முடியும். மறுதலையையும் விடக்கூடாது: சமபக்க முக்கோணியில் R = 2r என்பதைப் பக்கம் a ஆக இருக்கும்போது R = a/√3, r = a/(2√3) எனக் கணித்துக் காட்டினால் போதும்.

OI² = R(R − 2r) என்ற சூத்திரத்தை மேற்கோள் காட்டி ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு; O சுற்றுவட்ட மையம், I உள்வட்ட மையம். சூத்திரத்தை நிறுவச் சொல்லாத வினாவில் அதை ஏற்கலாம். ஆனால் O உம் I உம் பொருந்தினால் முக்கோணி சமபக்கமாகும் என்பதை அங்கும் தனியே சொல்ல வேண்டும். OA = OB ஆதலால் கோணம் OAB உம் கோணம் OBA உம் சமன்; O உள்வட்ட மையமும் என்பதால் அவை முறையே A/2, B/2; எனவே A = B, அவ்வாறே B = C.

கடைசியாக, R ஏறக்குறைய 2r அளவிலேயே இருக்கும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். சமனிலி அப்படி எதுவும் கூறவில்லை. 13, 13, 24 முக்கோணியில் R ஆனது r இன் ஏறத்தாழ ஏழு மடங்கு. 41, 41, 80 முக்கோணியில் ஏறத்தாழ 21 மடங்கு. முக்கோணியைத் தட்டையாக்க ஆக்க இந்த விகிதம் எல்லையின்றி வளரும்.