மூவருக்குப் பங்கிடும்போது எண்களைத் திருப்பிப் போட்டால் போதுமா? நேர் மாறலும் எதிர் மாறலும்

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மாதிரித் தேர்வில், 2, 3, 4 ஆகிய எண்களுக்கு எதிர் விகிதத்தில் ஒரு தொகையை மூவருக்குப் பங்கிடச் சொல்லியிருந்தார்கள். நான் எண்களைத் திருப்பிப் போட்டு 4 : 3 : 2 என்று எழுதினேன், விடை தவறாகிவிட்டது. இருவருக்குப் பங்கிடும் கணக்குகளில் அந்த வழி ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பதால், மூவர் என்றதும் ஏன் தவறுகிறது என்று விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விகிதத்தைச் சுருக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நேரான பங்கீடு. பாலக்கோட்டுப் பக்கத்து விவசாயிகள் மூவர் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியை 900 ரூபாய் வாடகைக்கு அமர்த்தித் தக்காளியை மண்டிக்கு அனுப்புகிறார்கள். ஒருவருடையது 12 பெட்டி, அடுத்தவருடையது 8, மூன்றாமவருடையது 10. விகிதம் 6 : 4 : 5 ஆகிறது. மொத்தம் 15 பங்கு, ஒரு பங்கு 60 ரூபாய். ஆகவே அவர்கள் தர வேண்டியவை முறையே 360, 240, 300 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 900 வருகிறதா என்று பார்த்துவிட்டால் இந்தக் கணக்கு முடிந்தது.

ஆனால் கூட்டுத்தொகை சரியாக வருவது மட்டும் போதுமான சோதனை ஆகாது, ஏனென்றால் தவறான விகிதத்தில் பங்கிட்டாலும் கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஒவ்வொருவர் தொகையையும் அவரவர் பெட்டிகளால் வகுத்துப் பாருங்கள்: 360 ÷ 12, 240 ÷ 8, 300 ÷ 10, மூன்றுமே 30. பெட்டிக்கு 30 ரூபாய் என்பது மூவருக்கும் பொதுவாக, மாறாமல் நிற்கிறது. இப்படி வகுத்தால் வரும் ஈவு மாறாமல் இருந்தால் அது நேர் மாறல்.

இனி என்னைத் தடுக்கிய இடம். மாசி, பங்குனியில் எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். ஒரு கிலோ புளியைச் சுத்தம் செய்ய ஒரு அக்காவுக்கு 20 நிமிடம், இன்னொருவருக்கு 30 நிமிடம், பாட்டிக்கு 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 39 கிலோ புளியை மூவரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்கும்படி எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

அதிக நேரம் எடுத்துக்கொள்பவருக்குக் குறைவான புளி தர வேண்டும் என்பது உடனே புரிகிறது. நிமிடங்களின் விகிதம் 2 : 3 : 4 என்பதால், திருப்பிப் போட்டு 4 : 3 : 2 என்று எழுதக் கை நீளும். அப்படிப் பிரித்தால் மொத்தம் 9 பங்கு; நடுவில் இருப்பவருக்கு 13 கிலோ வரும், அவர் 13 × 30 = 390 நிமிடம் வேலை செய்வார். முதலாமவருக்கு 17⅓ கிலோ, பாட்டிக்கு 8⅔ கிலோ. இவர்கள் இருவரும் ஏறத்தாழ 347 நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். நடுவில் இருப்பவர் மட்டும் இன்னும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக உட்கார்ந்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டதில் இரு ஓரங்களும் இடம் மாறின. நடு எண்ணாகிய 3 அசையவே இல்லை. பிழை அங்கேதான் இருக்கிறது.

சரியான வழி, ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் தலைகீழியை எழுதுவது. 1/2 : 1/3 : 1/4 என்று எழுதி, 2, 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 12ஆல் மூன்றையும் பெருக்கினால் 6 : 4 : 3 கிடைக்கிறது. மொத்தம் 13 பங்கு, ஒரு பங்கு 3 கிலோ. ஆகவே 18 கிலோ, 12 கிலோ, 9 கிலோ. இப்போது பெருக்கிப் பாருங்கள்: 18 × 20, 12 × 30, 9 × 40, மூன்றுமே 360 நிமிடம். சரியாக 6 மணி நேரத்தில் மூவரும் முடிக்கிறார்கள். பெருக்கினால் வரும் பலன் மாறாமல் இருப்பதால் இது எதிர் மாறல்.

இருவர் மட்டும் என்றால் 1/2 : 1/3 என்பது 3 : 2 ஆகிவிடும்; திருப்பிப் போடுவதும் தலைகீழி எழுதுவதும் ஒன்றாகவே முடியும். அதனால்தான் அந்தக் குறுக்குவழி இவ்வளவு நாள் என்னை ஏமாற்றாமல் இருந்தது. இருவராக இருந்தாலும் தலைகீழியை எழுதிப் பழகுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வியைப் படித்ததும் இது நேரா, எதிரா என்று முடிவு செய்வதற்குப் பலர் மேல் அம்புக்குறியும் கீழ் அம்புக்குறியும் போடுகிறார்கள். எனக்கு அந்த முறை பிடிப்பதில்லை, ஏனெனில் அம்புக்குறி கூடுகிறதா குறைகிறதா என்பதை மட்டும் காட்டுகிறது. எது மாறாமல் நிற்கிறது என்பதைக் காட்டுவதில்லை. நான் தாளின் ஓரத்தில் "மாறாதது:" என்று எழுதி, அதை நிரப்பிய பிறகே கணக்கைத் தொடங்குகிறேன். ஆட்களும் நாட்களும் எப்போதும் எதிர் மாறல் என்று மனப்பாடம் செய்வதும் உதவாது. வேலையின் அளவு மாறாதது என்றால், 3 பேர் 8 நாட்களில் முடிப்பதை 4 பேர் 6 நாட்களில் முடிப்பார்கள். ஆட்கள் × நாட்கள் இரண்டிலும் 24. ஆனால் ஒருவருக்கான நாள்கூலி மாறாதது என்று வைத்து, ஆட்கள் கூடினால் ஒரு நாளின் மொத்தக் கூலி எப்படி மாறும் என்று கேட்டால், அதே ஆட்கள் இப்போது நேர் மாறலில் நிற்கிறார்கள்.

கூடினால் கூடும் என்பதெல்லாம் நேர் மாறலும் அல்ல. முதல் 10 கிலோமீட்டருக்கு 500 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று ஒரு வண்டிக்காரர் பேசினால், 20 கிலோமீட்டருக்கு 750 ரூபாய் ஆகும். தூரம் இரு மடங்கானது, வாடகை இரு மடங்காகவில்லை, 50, 37.50 என்று ஈவும் மாறிவிட்டது. இத்தகைய கணக்கில் விகிதசமம் போட்டால் 1000 ரூபாய் என்ற தவறான விடை வரும். ஒன்றை இரட்டிப்பாக்கினால் மற்றதும் சரியாக இரட்டிப்பாகிறதா, அல்லது சரியாகப் பாதியாகிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அது இந்த இரு வகையிலும் சேராது.

பின்சேர்க்கை: 10, 20, 40 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் திருப்பிப் போட்டாலும் சரியாக வருகிறதே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னது உண்மை. 1/10 : 1/20 : 1/40 என்பதும் 4 : 2 : 1, திருப்பிப் போட்ட 40 : 20 : 10 என்பதும் 4 : 2 : 1. முதல் எண்ணுக்கும் நடு எண்ணுக்கும் உள்ள விகிதமே நடு எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இருப்பதால் இப்படி அமைகிறது. 20, 30, 40 என்பதில் அந்த ஒழுங்கு இல்லை.

இன்னொரு பின்சேர்க்கை: வேறொருவர் அதே புளிக் கணக்கில் "ஒரு மணி நேரத்தில் 3 கிலோ, 2 கிலோ, 1½ கிலோ" என்று கொடுத்திருந்த கேள்வியை அனுப்பி, அதற்கும் தலைகீழி எழுதியதாகவும் விடை பொருந்தவில்லை என்றும் தெரிவித்தார். அங்கே தலைகீழி எழுதக் கூடாது. மணிக்கு எத்தனை கிலோ என்று வேகத்தைக் கொடுத்திருப்பதால், மாறாத நேரத்தில் வேகமும் கிலோவும் நேர் மாறலில் இருக்கும். 3 : 2 : 1½ என்பதை 2ஆல் பெருக்கினால் நேராகவே 6 : 4 : 3 வந்துவிடுகிறது. அதே மூவர், அதே 18, 12, 9 கிலோ. கேள்வியில் "கிலோவுக்கு எத்தனை நிமிடம்" என்றிருக்கிறதா, "மணிக்கு எத்தனை கிலோ" என்றிருக்கிறதா என்பதை அடிக்கோடிட்டுவிட்டு விகிதத்தை எழுதுங்கள்.