‘வண்டி இன்சூரன்ஸ்’ என்று மட்டும் பதிவு செய்யாதீர்கள்

நடக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ ஞாபகம் வரும் வேலைகளைக் குரலில் பதிவு செய்து, ராத்திரி உட்கார்ந்து பிரித்துவைக்கும் பழக்கத்தை என்னுடன் வேலை செய்யும் சிலர் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பதிவுகளைக் கேட்டால், தொடக்கத்தில் நான் செய்த அதே கோளாறுகள் வரிசையாக வருகின்றன. சார்ஜ் தீர்ந்தது, பட்டனை அழுத்த மறந்தது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவை மட்டும் இங்கே.

பெயரை மட்டும் சொல்லிவைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். தோழி ஒருவர் நடந்து வரும்போது ‘வண்டி இன்சூரன்ஸ்’ என்று இரண்டே சொல்லில் பதிவு செய்திருந்தார். ராத்திரி கேட்டார். இன்சூரன்ஸ் என்றால் புதுப்பிக்கும் விஷயம்தானே, அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று நினைத்து, அடுத்த மாதப் பட்டியலில் போட்டுவிட்டார். நாள் வந்ததும் பணமும் கட்டிவிட்டார். புதுப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் அன்று எதற்காகப் பதிவு செய்தோம் என்பது நினைவுக்கு வந்தது. பழைய பத்திரத்தில் இன்ஜின் எண் ஒரு இலக்கம் தவறாக இருந்தது. பணம் கட்டுவதற்கு முன்பே அதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்பதுதான் நடக்கும்போது தோன்றிய வேலை. அந்தத் தவறு அப்படியே புதுப் பத்திரத்திலும் ஏறிவிட்டது. அப்புறம் விண்ணப்பம், ஆர்.சி. நகல், இன்ஜின் எண்ணைப் படமெடுத்து அனுப்புவது என்று ஒரே அலைச்சல்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் மறந்துபோனார் என்பது இல்லை. மறந்திருந்தால்கூட ‘இது என்னவோ தெரியவில்லையே’ என்று கொஞ்சம் யோசித்திருப்பார். பெயர் மட்டும் இருக்கும் பதிவு ராத்திரியில் வெற்றிடமாக நிற்பதில்லை. அந்தப் பெயருக்கு வழக்கமாக என்ன வேலை இருக்குமோ அதை மனசு தானே நிரப்பிக்கொள்கிறது. ‘வங்கி’ என்றால் பணம் போடுவது, ‘டாக்டர்’ என்றால் நேரம் வாங்குவது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். தவறான வேலை, சரியான வேலையின் முகத்தோடு பட்டியலில் ஏறிவிடுகிறது. சந்தேகமே வராது என்பதால்தான் இதற்குச் செலவு அதிகம்.

பேசும் நேரத்தில் இந்தக் குறை தெரியாது. அப்போது விஷயம் முழுவதும் மனதில் இருக்கிறது, பெயரைச் சொன்னாலே எல்லாம் சொன்ன மாதிரி இருக்கும். அதனால் பதிவில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்: என்ன செய்ய வேண்டும், எதை அல்லது யாரிடம், ஏன். அந்த ‘ஏன்’ அரை வரி போதும். தோழியின் பதிவு இப்படி இருந்திருக்க வேண்டும்: “திருத்தச் சொல்லணும். வண்டி இன்சூரன்ஸ்ல இன்ஜின் நம்பர் தப்பா இருக்கு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி.” பத்து விநாடிகூட ஆகாது.

வினையை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நாம் இயல்பாகப் பேசினால் வினை கடைசியில்தான் வரும். பதிவு பாதியில் நின்றால் முதலில் போவதும் அதுதான். “சுரேஷுக்கு அந்த ஒப்பந்தத்தோட இரண்டாவது பக்கத்தை…” என்று நின்றுபோன பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுப்புவதா, திருப்பி வாங்குவதா, படித்துக்காட்டுவதா? “அனுப்பணும், சுரேஷுக்கு…” என்று தொடங்கியிருந்தால் பாதி வெட்டுப்பட்டாலும் வேலை தப்பித்திருக்கும்.

பதிவு சரியா என்று பார்க்க ஒரே சோதனை போதும். வீட்டில் வேறு யாராவது அதைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குப் புரியுமா? புரியாது என்றால் ராத்திரி உங்களுக்கும் புரியாது.

ஏற்கெனவே பெயர் மட்டும் உள்ள பதிவு கையில் இருந்தால் ஊகித்துப் பட்டியலில் போடாதீர்கள். பதிவான நேரத்தைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளைக் கேளுங்கள். அந்த நேரத்தையொட்டி யாரிடம் ஃபோனில் பேசினீர்கள், என்ன செய்தி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டால் கேள்விக்குறி போட்டு அப்படியே விடுங்கள், மறுநாள் அதே வழியில் போகும்போது சில சமயம் தானே ஞாபகம் வரும்.

இரண்டு ஓரமும் வெட்டுப்படுவது

மேலே சொன்ன வெட்டு அபூர்வமாக நடப்பது இல்லை. ஹெட்செட்டிலோ காரின் ப்ளூடூத்திலோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், பாட்டு நின்று மைக் விழித்துக்கொள்ள ஓரிரு விநாடி ஆகலாம். அதற்குள் பேசத் தொடங்கினால் முதல் சொல் போய்விடும். மறுமுனையில், சில செயலிகள் நீங்கள் கொஞ்சம் யோசித்து நிறுத்தினாலே பேச்சு முடிந்தது என்று மூடிக்கொள்ளும். ஆகவே பதிவு தொடங்கும் சத்தம் வந்த பிறகு ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். என்ன சொல்வது என்று முடிவு செய்த பிறகே பட்டனைத் தொடுங்கள். ஒரு பதிவில் ஒரு வேலைதான். நான்கு வேலையை ஒரே மூச்சில் சொன்னால், ராத்திரி மூன்றாவதை எழுதும்போது நான்காவது ஓடிப்போயிருக்கும்.

“நாளைக்கு” என்று சொல்வது

வெள்ளிக்கிழமை பதிவு செய்து, அன்று ராத்திரி அசதியில் விட்டு, ஞாயிறு கேட்டால் அந்த ‘நாளைக்கு’ எந்த நாள்? தேதியைச் சொல்லுங்கள். ‘அவர்’, ‘அந்த ஃபைல்’ என்பவற்றுக்கும் இதே கதிதான். பெயரைச் சொல்லுங்கள்.

எழுத்தாக மாறியதை மட்டும் படிப்பது

பேச்சை எழுத்தாக்கித் தரும் வசதி நல்லதுதான், தேடுவதற்கு உதவும். ஆனால் ஆட்பெயரிலும் எண்ணிலும் அதை நம்ப முடியாது. காற்றடிக்கும் இடத்தில் எழுபதும் எண்பதும், எழுநூறும் எண்ணூறும் காதுக்கே ஒன்றுபோலக் கேட்கும், கருவிக்குக் கேட்கவா வேண்டும்! தொகை, ஃபோன் எண் எல்லாவற்றையும் ‘எட்டு, ஜீரோ, ஜீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். பெயரோ எண்ணோ உள்ள பதிவை ராத்திரி ஒருமுறை காதாலும் கேட்டுவிடுங்கள். நடக்கும்போது காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, மைக்கை வாய்க்கு நேரே இல்லாமல் சற்று ஓரமாகப் பிடித்தால் ‘புஸ்’ சத்தம் குறையும்.

வண்டி ஓடும்போது திரையைப் பார்ப்பது

கூடாது. கை வைக்காமல் பதிவு செய்ய வழியில்லை என்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

ராத்திரி பிரிக்க உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடுவது

முதல் பதிவைக் கேட்டதும் ‘இந்த மெயிலை இப்பவே அனுப்பிடலாமே’ என்று தோன்றும். அனுப்பப் போனால் பழைய மெயில் ஒன்று கண்ணில் படும், அதற்கும் பதில் எழுதுவீர்கள். அரை மணி நேரம் போயிருக்கும், மீதிப் பதிவுகள் கேட்காமலே கிடக்கும். இரண்டு நிமிடத்துக்குள் முடிவதைக்கூட எல்லாப் பதிவையும் பிரித்த பிறகு செய்யுங்கள். பழையதிலிருந்து புதியதுக்கு வரிசையாகக் கேளுங்கள். நாள் உள்ளது காலண்டருக்கு, நாள் இல்லாதது பட்டியலுக்கு, இன்னொருவர் செய்ய வேண்டியது ‘காத்திருப்பவை’க்கு, மற்றது குப்பைக்கு. ஒன்றை எங்கே போடுவது என்று இரண்டு மனசாக இருந்தால் அது பெரும்பாலும் பெயர் மட்டும் உள்ள பதிவாகத்தான் இருக்கும், திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

பிரித்த பதிவை அழிக்காமல் விடுவது

எழுதிய உடனே அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாளை ராத்திரி அதே வேலை இரண்டாவது தடவை பட்டியலில் ஏறும். கேள்விக்குறி போட்டவை மட்டும் இருக்கட்டும்.