மாணவர் எழுதிய செய்முறைக் கையேட்டைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பக்கம் தொழிற்கல்வி மாணவர்களுக்குக் கையேடு எழுதும் பயிற்சி கொடுப்பவர்கள் தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகள் பல உள்ளன. கல்யாணத்துக்கோ சாந்திக்கோ கோயில் திருவிழாவுக்கோ வெளியூரிலிருந்து வந்து கதவைத் திறப்பவர்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். மாதக்கணக்கில் ஓடாத கிணற்று மோட்டாரோ, சுவிட்சைப் போட்டதும் சுற்றாமல் உறுமும். அல்லது சுற்றும், ஆனால் சொட்டுத் தண்ணீர் வராது. ஆகவே “நெடுநாள் ஓடாத கிணற்று மோட்டாரை மீண்டும் இயக்குதல்” என்பது கையேட்டுக்கு ஏற்ற தலைப்பு. அதைப் படிக்கப் போகிறவர் மெக்கானிக் அல்லர். வரிசை பிசகினால் மோட்டார் கெடும், சில இடங்களில் கைக்கே ஆபத்து வரும்.

இங்கே பேசுவது கிணற்று மேட்டில் உட்காரும் மோனோபிளாக் மோட்டாரைப் பற்றி. அது தன் உள்ளறையிலும் கிணற்றுக்குள் இறங்கும் குழாயிலும் நீர் நிறைந்திருந்தால்தான் உறிஞ்சும். குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு அந்த நீரைக் கீழே இறங்காமல் பிடித்து வைக்கிறது. நாள்பட அதில் கசிவு ஏற்பட்டால் நீர் இறங்கிக் காற்று புகுந்துவிடும். அப்போது மேலிருந்து நீர் ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றாமல் ஓடவிட்டால், நீரால் குளிர வேண்டிய சீல் உலர்ந்து உரசிக் கெட்டுவிடும். இவ்வளவும் தெரிந்த ஆசிரியர் தம் கையில் வைத்துக்கொள்ளும் மாதிரி விடை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. மெயின் சுவிட்சை அணைத்தல்.
2. கிணற்றில் நீர்மட்டம் பார்த்தல்.
3. மோட்டாரின் பின்பக்கம் தண்டைக் கையால் சுழற்றி, அது இறுகிப்போயிருக்கிறதா என்று பார்த்தல்.
4. நீர் ஊற்றும் மூடியைத் திறத்தல்.
5. காற்றுக் குமிழி வருவது நிற்கும் வரை நீர் ஊற்றுதல்.
6. சில நிமிடம் காத்திருந்து, ஊற்றிய நீர் இறங்குகிறதா என்று பார்த்தல்.
7. மூடியை இறுக்குதல்.
8. மேல்தொட்டிக்குப் போகும் வால்வைத் திறத்தல்.
9. சுவிட்சைப் போடுதல்.
10. தொட்டியில் நீர் விழுகிறதா என்று பார்த்தல். சிறிது நேரத்தில் விழாவிட்டால் உடனே அணைத்தல்.

திருத்தும்போது நேரும் முதல் தவறும் பெரிய தவறும், இந்தப் பட்டியலை மாணவரின் விடைக்குப் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் சரிபார்ப்பதுதான். ஒரு மாணவி கிணற்றை முதலில் பார்க்கச் சொல்லி, பிறகு மெயினை அணைக்கச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தண்டைச் சுழற்றிப் பார்ப்பதை நீர் ஊற்றி, மூடி இறுக்கி, வால்வைத் திறந்தபின் எட்டாவதாக வைக்கிறாள். நம் எண்களில் சொன்னால் அவள் வரிசை 2, 1, 4, 5, 6, 7, 8, 3, 9, 10. எண்ணுக்கு எண் பார்த்தால் கடைசி இரண்டு மட்டுமே இடத்தில் நிற்கின்றன, பத்துக்கு இரண்டு. ஆனால் இதன்படி நடந்தவருக்கு என்ன கேடு நேரும்? எதுவும் நேராது. கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. தண்டைத் தொடும்போது மின்சாரம் அணைந்திருக்கிறது, சுவிட்சைப் போடுமுன் தண்டு சுழல்வது உறுதியாகிவிடுகிறது. தண்டு இறுகியிருந்தால் ஊற்றிய தண்ணீர் வீண்வேலை என்பது ஒரு குறைதான். ஒரு மதிப்பெண் குறைக்கலாம்.

இன்னொரு மாணவன் தண்டைச் சுழற்றுவதை முதலில் வைத்து, கிணற்றைப் பார்ப்பதை இரண்டாவதாக வைத்து, மெயினை அணைப்பதை மூன்றாவதாக வைக்கிறான். மற்ற ஏழும் மாதிரி விடையைப் போலவே. இவனுடைய வரிசை 3, 2, 1, 4, 5, 6, 7, 8, 9, 10. எண் பார்த்தால் பத்துக்கு எட்டு. ஆனால் இதை நம்பிச் செய்பவர் மின்சாரம் இருக்கும் மோட்டாரின் தண்டில் கைவைக்கிறார். மேல்தொட்டி மிதவையோ வீட்டிலிருக்கும் வேறொருவரோ அந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டால் விரல் போய்விடும். எட்டு வாங்கிய கையேடு ஆளைக் காயப்படுத்துகிறது, இரண்டு வாங்கிய கையேடு தண்ணீரைக் கொண்டுவருகிறது என்றால் கோளாறு திருத்தும் முறையில்தான் இருக்கிறது.

ஆகவே மாதிரி விடையை வெறும் பட்டியலாக வைத்துக்கொள்ளாமல், எது எதற்கு முன் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயங்களை மட்டும் தனியாக எழுதிக்கொள்வது நல்லது. இந்தக் கையேட்டில் அவை சிலவே. மெயின் அணைந்தபின்தான் தண்டைத் தொடலாம், மூடியைத் திறக்கலாம். திறந்தபின்தான் ஊற்ற முடியும். ஊற்றி, காத்திருந்து பார்த்தபின்தான் மூடியை இறுக்க வேண்டும். மூடி இறுகியபின்தான் சுவிட்ச். இல்லாவிட்டால் மூடி வழியே காற்று புகுந்து உழைப்பு வீணாகும், அல்லது நீர் பீறிட்டு மோட்டார் மேலேயே விழும். தண்டு சுழல்கிறது என்று தெரிந்தபின்தான் சுவிட்ச். இறுகிய மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் காயில் எரிந்துபோகும். இவற்றில் எத்தனை மீறப்பட்டன என்று எண்ணினால் போதும். மற்றவை எந்த இடத்தில் வந்தாலும் மாணவரின் விருப்பம். வால்வைத் திறப்பதும் அப்படித்தான்: சில எலக்ட்ரீஷியன்கள் வால்வை மூடியபடி மோட்டாரைப் போட்டு, பிறகு மெல்லத் திறப்பார்கள்; இவ்வகைப் பம்புக்கு அதனால் தொடக்கச் சுமை குறைகிறது. நெடுநேரம் மூடியே ஓட விடக்கூடாது என்ற குறிப்பு இருந்தால் எட்டும் ஒன்பதும் இடம் மாறியதற்கு மதிப்பெண் குறைக்கக் காரணமில்லை. இன்னொன்று: மாணவர் ஒரு படியை விட்டுவிட்டால் அதற்குப் பின் வரும் எண்களெல்லாம் ஒன்று நகரும். விடுபட்டதற்கு ஒரு முறை குறைத்துவிட்டு, நகர்ந்த ஒவ்வொன்றுக்கும் மீண்டும் குறைப்பது ஒரே பிழைக்குப் பலமுறை தண்டனை.

அடுத்த தவறு, விஷயம் தெரிந்த ஆசிரியரின் தவறு. “போதுமான அளவு நீர் ஊற்றவும்” என்று படித்ததும் அவர் மனம் குமிழி நிற்கும் வரை என்று தானே நிரப்பிக்கொண்டு, சரி என்று குறியிட்டுவிடுகிறது. பின்கட்டில் சொம்போடு நிற்கும் ஆச்சிக்கு அந்த வரி எதையும் சொல்லவில்லை. ஒரு சொம்பா ஒரு குடமா என்பதை அவர் எங்கிருந்து அறிவார்? குழாயின் நீளத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் இங்கே லிட்டர் கணக்கும் உதவாது. கண்ணுக்குத் தெரியும் முடிவு அடையாளம்தான் வேண்டும். எனவே ஒவ்வொரு படியிலும், “முடிந்தது என்று செய்பவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். “சிறிது நேரம் காத்திருக்கவும்” என்ற வரியும் இதே வகை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லாவிட்டால் படிப்பவர் காத்திருக்க மாட்டார். ஊற்றிய நீர் இறங்கிக்கொண்டே இருந்தால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை, ஆளை அழைக்க வேண்டும் என்பதுதான் அந்தப் படியின் பயன். நீர்மட்டம் பார்க்கும் படிக்கும் முடிவு வேண்டும்: மேலே நிற்கும் மோட்டார் நடைமுறையில் ஏழு எட்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து உறிஞ்சாது, கோடையில் மட்டம் அதற்கும் கீழே போயிருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை என்று சொல்லாத கையேடு வெறுமனே “பார்க்கவும்” என்று நின்றுவிடுகிறது.

இதற்கு ஒரே நல்ல மருந்து, மோட்டாரைத் தொட்டுப் பழகாத ஒருவரிடம் கையேட்டைக் கொடுத்து, அருகில் வாய் திறக்காமல் நிற்பது. மின் இணைப்பை முன்பே வெளியே துண்டித்துவிட்டு, அவர் அறியாமல் ஆபத்தில் சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கை எங்கே தயங்குகிறது, எந்த வரிக்குத் திரும்பிப் போய்ப் படிக்கிறார் என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டால், தெளிவின்மைக்கு மதிப்பெண் குறைப்பது திருத்துபவரின் மனநிலையைச் சாராது. எல்லாத் தாளுக்கும் இது முடியாதுதான். இரண்டு மூன்று தாள்களுக்காவது செய்து பார்த்தால் மற்றவற்றைப் படிக்கும் கண் மாறிவிடும்.

மூன்றாவது தவறு கட்டுரை திருத்திய பழக்கத்திலிருந்து வருகிறது. சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லாமல் எழுதுவது கட்டுரையில் அழகு. கையேட்டில் நான்காம் படியில் “மூடி” என்றும், ஐந்தாம் படியில் “பிளக்” என்றும், ஏழாம் படியில் “கேப்” என்றும் எழுதியவருக்கு நடைக்காக மதிப்பெண் கொடுத்தால், மோட்டாரில் மூன்று பொருள்களைத் தேடும் வாசகருக்கு நாம் துரோகம் செய்கிறோம். பல மோட்டார்களில் அடியில் நீர் வடிக்கும் மூடி ஒன்றும் இருப்பதால் இந்தக் குழப்பம் உண்மையிலேயே நேரக்கூடியது. மறுபுறம், ஒற்றுப்பிழைக்கும் சந்திப்பிழைக்கும் தெளிவுக்கான மதிப்பெண்ணிலிருந்து குறைப்பதும் தவறே. “மூடியை திறக்கவும்” என்று ப் இல்லாமல் எழுதியிருந்தாலும் வாசகர் சரியாகவே திறப்பார். மொழிக்கெனத் தனியாகச் சிறு மதிப்பெண் ஒதுக்கி அங்கே குறைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கைகளைத் திருத்தும்போது அது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒன்பதாம் படியில் “சுவிட்சைப் போடவும்” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் “அதற்கு முன் மூடி இறுகியிருக்கிறதா என்று கவனிக்கவும்” என்று எழுதினால், படிப்படியாகச் செய்துகொண்டே வருபவர் அந்த வரியை அடைவதற்குள் சுவிட்ச் போடப்பட்டிருக்கும். “அதற்கு முன்”, “முன்னதாகவே” போன்ற சொற்கள் வரும் இடங்களில் பேனாவை நிறுத்திப் பார்த்தால் இத்தகைய பிழைகள் பெரும்பாலும் அங்கேயே அகப்படும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லா எச்சரிக்கைகளையும் அழகாகக் கட்டம் கட்டி வைத்திருந்தாலும், உரிய படிக்கு மேலே அது இல்லையென்றால் வரிசைப் பிழையாகவே கருதுகிறேன். ஆளுக்கு ஆபத்து தரும் பிழை ஒன்றிருந்தாலும் வரிசைக்கான மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை.

தாளில் எழுதும் குறிப்பும் திருத்துதலில் அடங்கும். “வரிசை சரியில்லை”, “தெளிவாக எழுதவும்” என்று மட்டும் எழுதினால் மாணவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. “உன் மூன்றாம் படி முதலில் வர வேண்டும், இப்போதுள்ளபடி செய்பவர் மின்சாரம் இருக்கும்போதே தண்டைத் தொடுகிறார்” என்று, செய்பவருக்கு நேர்வதைச் சொல்லி எழுத வேண்டும்.