மழைப் பாட்டும் ஏழு அசையும்

என்னிடம் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்காக மழையைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். கூரையிலிருந்து ஒரு துளி, இன்னொன்று என் மேல்:

லா கூத் தோம்ப் து த்வா,
யூன் ஓத்ர் தோம்ப் சுர் ம்வா.

த்வா, ம்வா இயைபு சரி. ஆனால் பேச்சு வழக்கில் படித்தால் வரிக்கு ஐந்து அசைதான். மெய்கள் மோதி நாக்கு இடறியது.

பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் எழுதினாலும் பேச்சில் ஒலிக்காத 'எ', செய்யுளில் அடுத்து மெய் வந்தால் லேசாக ஒலிக்கும். உயிர் வந்தால் மறையும். அதன்படி பிரித்துக் கை தட்ட வைத்தேன்:

லா-கூ-த-தோம்-ப-து-த்வா
யூ-நோ-த்ர-தோம்-ப-சுர்-ம்வா

இரண்டும் ஏழு. ஒரு பையன் 'யூ-ன-ஓ' என்று பிரித்ததில் எட்டாகிவிட்டது. 'ன'வை அடுத்த உயிரோடு சேர்த்து 'நோ' என்றதும் சரியானது. அழுத்தம் வரியின் கடைசி அசையில் விழ வேண்டும்; நம் பிள்ளைகள் முதல் அசையிலேயே அழுத்துகிறார்கள். கடையில் ரொட்டி கேட்கும்போது இந்த 'எ' வேண்டாம்.